உருண்டை ஒதுக்கியது 55, படகு ஒதுக்கியது 100

ஆறாம் வகுப்பானாலும் எட்டாம் வகுப்பானாலும், கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்டதும் இரண்டு பதில்கள் முந்திக்கொண்டு வரும். "கனமா இருந்தா முங்கும், லேசா இருந்தா மிதக்கும் சார்" என்பது ஒன்று. "உள்ள காத்து இருக்குல்ல, அதான்" என்பது இன்னொன்று. களிமண் படகும் நாணயமும் வைத்துச் செய்யும் சோதனை பெரும்பாலான பள்ளிகளில் இந்த இரண்டையும் அசைக்காமலேயே முடிந்துவிடுகிறது. உருண்டை மூழ்கியது, கிண்ணம் மிதந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள், மணி அடித்தது. உருண்டையும் கிண்ணமும் ஒரே எடை என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தும் "லேசா இருந்தா மிதக்கும்" போவதில்லை. தட்டையாக்கியதில் எப்படியோ லேசாகிவிட்டது என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொள்கிறார்கள்.

இதை அசைக்க ஒரே வழி, படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறது என்று அளக்க வைப்பது. மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே இரண்டு பாடவேளையில் அளந்துவிடலாம்.

முதலில் களிமண். ஸ்டேஷனரி கடையில் பாக்கெட்டில் விற்கும் எண்ணெய்ப் பசையுள்ள கலர் களிமண்தான் இதற்கு வசதி. தண்ணீரில் கரையாது, திரும்பத் திரும்பப் பிசையலாம். விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ பொம்மைக்கும் பானைக்கும் பிசைந்து வைத்த மண் கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அதைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் கெட்டியாகி நன்றாக மிதக்கும் என்று நினைத்து வெயிலில் வைப்பவர்கள் உண்டு. காய்ந்த பச்சை மண் தண்ணீர் பட்டதும் இடுக்கெல்லாம் நீரை உறிஞ்சிப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஈரமாகப் பிசைந்த மண்ணோ கால் மணி நேரம் வரை உருக்குலையாமல் நிற்கும். வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டால் இன்னும் கொஞ்சம் தாங்கும். கண்மாயிலிருந்து அப்படியே அள்ளி வந்த மண்ணில் மணலும் வேரும் இருக்கும். சுவரை மெல்லியதாக இழுக்கும்போது அந்த இடத்தில்தான் கீறல் விடும், ஆகவே சலிக்காத மண் வேண்டாம்.

அடுத்தது நாணயம். ஒரு ரூபாய் நாணயம் என்று பொதுவாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னால் கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். புழக்கத்தில் பல அளவுகள் இருக்கின்றன. பழைய பெரிய ஒரு ரூபாய் 25 மி.மீ. அகலம், 4.85 கிராம். 2011 முதல் வந்தது 22 மி.மீ., 3.79 கிராம். 2019இல் வந்த சின்னது 20 மி.மீ., 3.09 கிராம். பெரியதற்கும் சின்னதற்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். ஒரு குழு சின்னதை வைத்து 40 தாங்கியது என்றும், பக்கத்துக் குழு பெரியதை வைத்து 26தான் என்றும் சொன்னால், இரண்டும் ஏறத்தாழ ஒரே சுமைதான். அது தெரியாமல் முதல் குழுவுக்குப் பரிசு கொடுத்தால் பாடம் தலைகீழாகிவிடும். டீக்கடையிலோ மினி பஸ் கண்டக்டரிடமோ சில்லறை மாற்றி வந்து, அகலத்தை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, 22 மி.மீ. நாணயங்களை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 40 போதும். எட்டுக் குழுவுக்கும் 320 சேர்க்க முடியாவிட்டால், இரண்டு குழு நாணயம் வைக்கும் நேரத்தில் மற்றவர்கள் படகு செய்துகொண்டிருக்கலாம். பத்துப் பத்தாக அடுக்கிக் கொடுத்து, அடுக்காகவே திரும்ப வாங்குங்கள். எண்ணிக்கை குறையாது.

தராசு இல்லாத பள்ளி என்றால் பக்கத்து மளிகைக் கடையில் களிமண்ணை 100 கிராம் கட்டிகளாக நிறுத்து வாங்கி வந்துவிடலாம்.

இனி அளக்கும் பாத்திரம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாளியிலோ அகலமான பேசினிலோ படகை விட்டால் நீர்மட்டம் உயர்வது கண்ணுக்கே தெரியாது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி எறிந்துவிட்டால் ஏறத்தாழ 11 செ.மீ. விட்டமுள்ள நேரான உருளை கிடைக்கும். அடியில் இருக்கும் மேடுபள்ளம் மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலும் 6 செ.மீ. நிற்கட்டும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். செலோடேப் சுற்றிவிட்ட பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். வெளியே ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டி, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்துப் போடுகிற கோடு இரண்டு மி.மீ. தள்ளிப் போகும்.

இப்போது 100 கிராம் களிமண்ணை உருண்டையாக உருட்டி, நூலில் கட்டி, மெதுவாக உள்ளே இறக்குங்கள். அடியில் உட்காரும். நீர்மட்டம் எங்கே வந்தது என்று இரண்டாவது கோடு. ஏறத்தாழ 6 மி.மீ. உயர்ந்திருக்கும். உருண்டையை எடுத்து, அதில் ஒட்டிய தண்ணீரை உள்ளேயே உதறிவிட்டு, அதே களிமண்ணைக் கிண்ணமாக்குங்கள். 8 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம், தட்டையான அடி. பாட்டிலுக்குள் இடிக்காமல் போக இந்த அளவுதான் சரி.

கிண்ணத்தை உள்ளே விடும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, வகுப்பைக் கேளுங்கள். மட்டம் இப்போது உருண்டைக் கோட்டுக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா, அதே இடத்தில் வருமா? கையைத் தூக்கச் சொன்னால் "கீழே" என்பதற்குத்தான் கை அதிகம் எழும்பும். "அது முழுசா முங்குச்சு டீச்சர், இது பாதிதானே முங்குது" என்று காரணமும் சொல்வார்கள். நல்ல காரணம்தான். பதில் மட்டும் தப்பு.

கிண்ணத்தை விட்டால் நீர்மட்டம் பத்தரை மி.மீ. உயரும். உருண்டைக் கோட்டைத் தாண்டி, கிட்டத்தட்ட அரை செ.மீ. மேலே போய் நிற்கும். காகிதப் பட்டையில் மூன்று கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். யாராவது ஒருவன் கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வெளியே ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பான். அவனைப் பேசவிடுங்கள்.

எண்ணாக்கிக் காட்ட 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும், ஊசி இல்லாமல். கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, மட்டம் பழைய கோட்டிலிருந்து கிண்ணக் கோட்டுக்கு வரும் வரை சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி எண்ணச் சொன்னால், பத்து சிரிஞ்சு ஆகும். 100 மி.லி. உருண்டைக்கு ஐந்தரை சிரிஞ்சு, அதாவது 55 மி.லி. களிமண்ணின் வகையைப் பொறுத்து இந்த 55 என்பது 60 வரை போகலாம். கிண்ணத்தின் 100 மட்டும் மாறாது. கோட்டைப் படிப்பதில் ஒரு மி.மீ. தவறினால் பத்து மி.லி. வரை பிசகும். ஆகவே 92, 105 என்று குழுவுக்குக் குழு வருவதைத் தப்பென்று அடிக்க வேண்டாம். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினால் 100ஐச் சுற்றியே நிற்பது தானே தெரியும். ஒரு குழுவுக்கு மட்டும் 75 வந்தால் அவர்கள் கிண்ணம் பாட்டில் சுவரில் எங்கோ ஒட்டித் தொங்கிக்கொண்டிருக்கும். விரலால் லேசாகத் தட்டிவிட்டுத் திரும்ப அளக்கலாம்.

100 கிராம் களிமண், 100 மி.லி. தண்ணீர். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம் என்பதை இங்கே நினைவூட்டினால் போதும். மிதக்கிற பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்குகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆர்க்கிமிடிஸ் பெயரைச் சொன்னால் அது மனப்பாடமாக இருக்காது.

ஆனால் ஏன் அப்படி என்ற கேள்வி இன்னும் பாக்கி. "மிதப்பு விசை மேல்நோக்கித் தள்ளுகிறது" என்பது அந்தக் கேள்விக்கு வைத்த பெயர்தான், பதில் ஆகாது. பதிலைக் காட்ட ஒரு மெல்லிய பாலிதீன் பை எடுத்து, 100 மி.லி. தண்ணீர் ஊற்றி, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் முடிச்சுப் போட்டு, நூலில் தொங்கவிடுங்கள். வெளியே பிடித்தால் நூல் இழுக்கும். வாளித் தண்ணீருக்குள் இறக்கியதும் நூல் தொய்ந்துவிடும். பை மேலேயும் வராது, கீழேயும் போகாது, விட்ட இடத்தில் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் அந்த நூலை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்க மட்டும் வைத்தால் பாதிதான் புரியும்.

பைக்குள் இருக்கும் தண்ணீருக்கு 100 கிராம் எடை இருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர்தான் தாங்குகிறது, இல்லாவிட்டால் அது கீழே போயிருக்க வேண்டும். சரி, இப்போது அந்தப் பையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே அளவுக் களிமண் கிண்ணத்தின் அடிப்பாகம் உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் தண்ணீருக்கு அது தெரியுமா? அதற்கென்ன கண்ணா இருக்கிறது? முன்பு எவ்வளவு தாங்கியதோ அதையே இப்போதும் தாங்கும். உருண்டை உட்கார்ந்த இடத்தில் முன்பு 55 கிராம் தண்ணீர் இருந்தது, ஆகவே தாங்குவதும் 55தான். உருண்டையோ 100 கிராம். மீதி 45க்கு யார் பொறுப்பு? யாரும் இல்லை, கீழே போய்விட்டது. கிண்ணமோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 100 கிராம் தண்ணீர் இருந்த இடத்தைப் பிடித்ததும் நின்றுவிட்டது.

காற்றுக்காரர்களுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள். வாய் மேலே பார்க்கும்படி, வாளித் தண்ணீருக்குள் மெதுவாக அமுக்கச் சொல்லுங்கள். ஆழம் போகப் போகக் கையை எதிர்த்துத் தள்ளுவது கூடிக்கொண்டே போகும். டம்ளருக்குள் இருக்கும் காற்று முதலில் இருந்த அதே காற்றுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தள்ளுவது காற்றாக இருந்தால் ஏன் கூட வேண்டும்? கூடுவது டம்ளர் ஒதுக்கும் தண்ணீர் மட்டும்தான். காற்றுக்கும் ஒரு வேலை உண்டு. உள்ளே எதையாவது வைத்துத்தான் தண்ணீரை வெளியே நிறுத்த வேண்டும், அதற்குக் காற்றைவிட லேசான சரக்கு கிடையாது. நம் கிண்ணத்துக்குள் இருக்கும் காற்று கால் கிராம்கூடத் தேறாது.

இவ்வளவும் முதல் பாடவேளை. நாணயத்தை இதுவரை தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். போட்டியை முதலில் வைத்துவிட்டால் பிள்ளைகள் எண்ணுவதில்தான் இருப்பார்கள்.

இரண்டாம் பாடவேளைக்குச் செவ்வகப் படகு. இதற்கு 125 கிராம் களிமண்ணோடு தொடங்க வேண்டும், வெட்டி எடுப்பது போக 100 நிற்கும். ஈரத் துணியால் துடைத்த பாலிதீன் கவரின் மேல் களிமண்ணை வைத்து, இரண்டு பக்கமும் 3 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் ஸ்கேல் ஒவ்வொன்று வைத்து, பூரிக்கட்டையின் இரண்டு முனையும் ஸ்கேல் மேல் ஓடும்படி தேய்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கனம் வரும். கையால் தட்டினால் நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடியாகவும்தான் வரும். 16 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, நான்கு மூலையிலும் 3 செ.மீ. சதுரம் எடுத்துவிட்டு, சுவர்களை மடக்கி நிறுத்தினால் 10க்கு 8 செ.மீ. அடியும் 3 செ.மீ. சுவரும் உள்ள படகு. மூலைகளில் வெட்டி எடுத்த களிமண்ணிலிருந்து இடியாப்பம் அளவுக்குத் திரி உருட்டி, மூலை இடுக்கில் உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பெருவிரலால் தேய்த்து மூட வேண்டும். ஒழுகுகிற படகுகள் பெரும்பாலும் இந்த மூலையில்தான் ஒழுகும். ஒழுகுகிறதா என்று பார்க்கப் படகைத் தண்ணீரில் விடாதீர்கள். உள்ளே இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தாள் நனைந்த மூலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சித்திரை, பங்குனி வெயிலில் கலர் களிமண் இளகி, சுவர் வெளிப்பக்கம் சாய ஆரம்பிக்கும். அந்த மாதங்களில் களிமண்ணைப் பாக்கெட்டோடு பானைத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தால் கெட்டிப்படும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் படகு மிதக்கும் தட்டுத் தண்ணீரில் எழும் சின்ன அலையே கடைசி ஐந்து நாணயத்தைத் தின்றுவிடும்.

இப்போது கணக்கு. முடித்த படகு 100 கிராம், அடி 80 சதுர செ.மீ. தண்ணீரில் விட்டால் எவ்வளவு ஆழம் இறங்கும்? 100 மி.லி. ஒதுக்க வேண்டும், 100ஐ 80ஆல் வகுத்தால் ஒன்றேகால் செ.மீ., அதாவது 12.5 மி.மீ. படகின் வெளிச் சுவரில் அடியிலிருந்து 12.5 மி.மீ. உயரத்தில் குண்டூசியால் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் தண்ணீர். தண்ணீர் அந்தக் கோட்டில் வந்து நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு, கணக்குப் பாடமும் அறிவியல் பாடமும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

ஒரு நாணயம் 3.79 கிராம். பத்து வைத்தால் 37.9 கிராம், படகு மொத்தம் 137.9 கிராம். 80ஆல் வகுத்தால் 17.2 மி.மீ. இருபதுக்கு 22 மி.மீ. முப்பதுக்கு 26.7 மி.மீ. ஏறத்தாழ பத்து நாணயத்துக்கு அரை செ.மீ. இறங்குகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். முதல் கோட்டுக்கு மேல் இந்த மூன்று கோட்டையும் கீறிவிட்டால் படகே தராசாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு யாராவது ஒரு கை நாணயத்தை உள்ளே அடுக்கினால், கோட்டைப் பார்த்து எத்தனை என்று சொல்லலாம். துறைமுகத்தில் இதே வேலை நடக்கிறது. நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கை லாரி லாரியாக நிறுக்காமல், கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆழக் குறிகளை ஏற்றும் முன்பும் பின்பும் படித்து எடையைக் கணக்கிடுவார்கள். தூத்துக்குடிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும்போது கப்பலின் மூக்கில் இருக்கும் அந்த எண்களைக் காட்டிவிட்டால் பிள்ளைகளுக்குப் பட்டென்று பிடிபடும்.

மொத்தம் எத்தனை தாங்கும்? படகின் வெளி அளவு 10 × 8 × 3, ஆக 240 க.செ.மீ. விளிம்பு வரை மூழ்கினால் 240 கிராம் தாங்கும். படகின் சொந்த எடை 100 போக 140 கிராம். 3.79ஆல் வகுத்தால் 36 நாணயமும் கொஞ்சம் மிச்சமும். 36 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் சுற்றில் எந்தக் குழுவும் 36ஐ எட்டாது. 17இல் ஒரு படகு போகும். "சார், கணக்குத் தப்பு சார்!" என்று ஒரு சத்தம் வரும். அந்தப் படகை உடனே எடுத்துக் கசக்கிவிடாமல், எங்கிருந்து தண்ணீர் ஏறியது என்று கேளுங்கள். "இந்த ஓரமா சாஞ்சுச்சு, அப்புறம் கடகடன்னு உள்ள வந்துருச்சு" என்பார்கள். 17 நாணயம் இருக்கும்போது தண்ணீர் விளிம்புக்கு 9 மி.மீ. கீழேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நாணயங்களை நடுக்கோட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒரு பக்கமாகக் குவித்தால், படகு அந்தப் பக்கம் சாய்ந்து அந்த 9 மி.மீ.யையும் விழுங்கிவிடும். உள்ளே வந்த தண்ணீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடிப்போய் இன்னும் சாய்க்கும். நான்கு விளிம்பும் சமமாக இறங்கி மூழ்கியதா, ஒரு மூலை முதலில் முங்கியதா என்று பார்த்தாலே எடை தாளாமல் போனதா, சமநிலை கெட்டுப் போனதா என்று சொல்லிவிடலாம். அநேகமாக எல்லாப் படகும் இரண்டாவது வகையில்தான் போகும்.

இரண்டாவது சுற்றில் நாணயத்தைப் போடாமல் படுக்க வைக்கச் சொல்லுங்கள். முதலில் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, எப்போதும் எதிரெதிர் மூலையாக. பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் மூன்றுமாகப் பன்னிரண்டு ஒரு அடுக்கில் கச்சிதமாக உட்காரும். மூன்று அடுக்கு என்றால் 36. சுவரைத் தொடாமல், விரலை நாணயம் அடியில் தொடும் வரை கொண்டுபோய் விட வேண்டும். "ஏய், கைய வெளிய எடுக்கும்போது இடிக்காதடி" என்று குழுவுக்குள்ளேயே சட்டம் போட்டுக்கொள்வார்கள். இந்தச் சுற்றில் 30, 32, 34 என்று வரும். மூழ்கிய நாணயத்தைத் துடைக்காமல் திரும்ப வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து ஏறிவிடும். பழைய துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

எப்போதாவது ஒரு குழு 38 வைத்துவிட்டு உங்களையே பார்க்கும். கணக்கு பொய்யாகவில்லை. கலர் களிமண்ணின் எண்ணெய்ப் பசை விளிம்பில் தண்ணீரை ஒட்டவிடாது. நீர்மட்டம் விளிம்பைவிட ஒரு மி.மீ. உயர்ந்து, தோல் போர்த்தியதுபோல் வளைந்து நிற்கும். 80 சதுர செ.மீ.க்கு ஒரு மி.மீ. என்றால் 8 கிராம், இரண்டு நாணயம். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அந்த வளைவு நன்றாகத் தெரியும். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீரைத் தட்டின் ஓரத்தில் விட்டால் அடுத்த நொடி படகு உள்ளே. ஒரு தடவை செய்துவிட்டால் அந்தத் தட்டுத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பிறகு ஒரு கேள்வி எழும், எழாவிட்டால் நீங்களே எழுப்பலாம். 34 தாங்குகிற படகில் 34 ஏற்றி அனுப்புவார்களா? வேகமாகக் கை வைத்தாலே போய்விடுகிறதே. கடலில் அலை வேறு. அதனால்தான் கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் வரைந்து, இதற்கு மேல் மூழ்கும்படி ஏற்றக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் சாமுவேல் பிலிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அளவுக்கு மீறிச் சரக்கேற்றும் கப்பல்களை எதிர்த்துப் போராடியதில் 1876இல் இந்தக் கோடு அங்கே சட்டமானது. உங்கள் படகுக்கு எங்கே கோடு போடுவீர்கள் என்று கேட்டு, தட்டை லேசாக ஆட்டிப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் 20க்கும் 25க்கும் நடுவில் வந்து நிற்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் சில கோடுகள் கப்பலில் இருக்கும், நன்னீருக்கு ஒன்று, கடல்நீருக்கு ஒன்று என்று. கடல்நீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, நம் படகில் அந்த வித்தியாசம் கால் மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. உப்பு கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கிய தண்ணீரில் விட்டால் வெறும் படகு 2 மி.மீ. மேலே எழும்பி நிற்கும். குண்டூசிக் கோடு இருப்பதால் அது தெரியும்.

நேரம் மிச்சமிருந்தால் வெட்டிய பாட்டிலுக்குத் திரும்புங்கள். வட்டக் கிண்ணத்தில் 15 நாணயம் வைத்து மிதக்கவிட்டு, நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். இப்போது அந்த 15ஐயும் கிண்ணத்திலிருந்து எடுத்து, அதே பாட்டில் தண்ணீருக்குள் போட்டுவிட்டால் மட்டம் உயருமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? முதல் பாடவேளையின் உருண்டையை நினைவு வைத்திருப்பவர்கள் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்துத்தான் கை தூக்குவார்கள். கிண்ணத்துக்குள் இருந்தபோது 57 கிராம் நாணயம் 57 மி.லி. தண்ணீரை ஒதுக்கியது. அடியில் கிடக்கும்போது தன் உடம்பு அளவுக்கு, ஏழரை மி.லி. மட்டுமே ஒதுக்கும். எஃகு தண்ணீரைவிட ஏழரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் வந்த எண் அது. மட்டம் அரை செ.மீ. இறங்கும். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை செ.மீ. இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, நோட்டில் எழுதிவிட்டு, நாணயங்களைத் துடைத்துப் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லலாம்.